தாத்தாவை வெளுக்க வேண்டாம், வெளிச்சத்தை மாற்றினால் போதும்

காலமாகிவிட்ட பெரியவரைக் கல்யாண குரூப் போட்டோவில் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்பது நம் ஊரில் சகஜம். இந்தக் கே.கே. நகரிலேயே அப்படிப்பட்ட படம் மாட்டிய வீடுகள் உண்டு. பல படங்களில் சேர்த்தவர் ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி தனியா தெரிவார். வெட்டின ஓரம் சரியில்லைன்னு நினைப்போம். ஓரத்தை எவ்வளவு நயமாக வெட்டினாலும் அது போகாது. இரண்டு படங்களும் வேறு வேறு வெளிச்சத்தில் எடுத்தவை என்பதுதான் அங்கே உறுத்துகிற விஷயம்.

இதைச் சரிசெய்யப் பலரும் செய்வது, தாத்தாவின் கன்னத்தை மகனின் கன்னத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒரே நிறமாகும்வரை வெளிச்சம் கூட்டுவது. வீட்டுக்காரர்களும் "கொஞ்சம் கலரா போட்டுடுங்க" என்பார்கள். அப்படிச் செய்தால் படத்தில் நிற்பவர் தாத்தாவாக இருக்க மாட்டார். இரண்டு பேரின் தோல் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. அவர்கள் மேல் விழும் வெளிச்சம்தான் ஒன்றாக இருக்கணும். ஆகவே அளவுகோலைத் தோலில் தேடாமல், இரண்டு படத்திலும் பொதுவாக உள்ள பொருளில் தேட வேண்டும்.

நம்மவர்களிடம் அந்தப் பொருள் தாராளமாகக் கிடைக்கும்: வெள்ளைத் துண்டு, வெள்ளைச் சட்டை, கறுப்பு முடி.

ஒரு படத்தை எடுத்துப் பார்ப்போம். தாத்தாவின் படம் பழைய கலர் பிரிண்ட், ஸ்கேன் செய்தது. வீட்டு வராந்தா நிழலில், தோளில் துண்டோடு நிற்கிறார். தலையில் இன்னும் கொஞ்சம் கறுப்பு முடி இருக்கிறது. நிழலில் விழுவது வானத்தின் வெளிச்சம் என்பதால் படம் நீலம் பாய்ந்திருக்கும். குரூப் போட்டோ கல்யாண மண்டபத்து மஞ்சள் விளக்கில் எடுத்தது. கிம்ப் மென்பொருளில் `Color Picker` எடுத்து, `Sample average` போட்டு அளக்க வேண்டும். ஒற்றைப் புள்ளியை அளந்தால் பிரிண்டின் துகள் ஏமாற்றிவிடும்.

சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், தாத்தாவின் துண்டு 196, 204, 222. அவர் முடியின் மிக இருண்ட இடம் 42, 36, 48. மங்கின பிரிண்டில் கறுப்பு இப்படிச் சாம்பலாகத்தான் இருக்கும். குரூப்பில் மகனின் வெள்ளைச் சட்டை 238, 229, 212. முடி 14, 12, 11.

இனி தாத்தாவின் லேயரில் மட்டும் `Colors > Levels` திறங்க. `Channel` என்ற இடத்தில் ஒவ்வொரு நிறமாகத் தேர்ந்து, `Input Levels` பகுதியில் தாத்தா படத்தின் கறுப்பையும் வெள்ளையையும், `Output Levels` பகுதியில் குரூப்பின் கறுப்பையும் வெள்ளையையும் போட வேண்டும்:

```
Red    42 196  ->  14 238
Green  36 204  ->  12 229
Blue   48 222  ->  11 212
```

இந்த ஒரே காரியத்தில் எக்ஸ்போஷர், பிரிண்ட் மங்கல், நீலச் சாயல் மூன்றும் சேர்ந்து சரியாகின்றன. தாத்தாவின் கன்னம் முன்பு 112, 94, 92. இப்போது 116, 87, 62. வெளிச்சம் பெரிதாகக் கூடவில்லை என்பதைக் கவனியுங்க. மாறியது சாயல். நிற வட்டத்தில் அந்தக் கன்னம் முன்பு 6 டிகிரியில், ரோஸ் கலந்த சாம்பலாக இருந்தது. இப்போது 28 டிகிரிக்கு வந்துவிட்டது. மகனின் கன்னம் 168, 124, 94. அது 24 டிகிரி.

மனிதத் தோல் கறுப்போ சிவப்போ மாநிறமோ, ஒரே வெளிச்சத்தில் அதன் சாயல் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு குறுகிய பட்டைக்குள்தான் நிற்கும். ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவது வெளிச்ச அளவு. அதனால் சாயலைப் பக்கத்தில் கொண்டுவரலாம், வெளிச்ச அளவை அப்படியே விட்டுவிட வேண்டும். நம் படத்தில் நீலத்தின் நடு ஸ்லைடரை 1.00-இலிருந்து 1.05 ஆக்கினால் சாயல் 26 ஆகிறது. அதற்கு மேல் இழுக்கத் தேவையில்லை.

தாத்தா நிஜமாகவே அவ்வளவு கறுப்பா என்ற சந்தேகம் வரும். அப்பாவும் மகனும் சேர்ந்து நிற்கிற ஏதாவது பழைய படத்தைக் கேட்டு வாங்குங்க. ஒரே வெளிச்சத்தில் இருவரும் எப்படி இருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. இந்த வீட்டில் அப்படி ஒன்று கிடைத்தது. அதில் பச்சை அளவு தாத்தாவுக்கு 104, மகனுக்கு 148. ஏறக்குறைய பத்தில் ஏழு. நம் கலவைப் படத்தில் 87-க்கு 124. அதே பத்தில் ஏழு. "கலரா போடுங்க" என்பவர்களிடம் வாதாட வேண்டாம், அந்தப் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும்.

இந்த முறை காலை வாரும் இடங்களும் உண்டு. முதலாவது சொட்டு நீலம். நீலம் போட்டு வெளுத்த துண்டு உண்மையிலேயே நீலம் கலந்த வெள்ளை. அதைத் தூய வெள்ளையாக எடுத்துக்கொண்டு சரிசெய்தால் முகம் மஞ்சளாகிவிடும். நரைமுடி, நெற்றி விபூதி போன்ற இன்னொரு சாம்பல் பொருளை அளந்து சரிபாருங்க. இரண்டாவது, வேட்டியை அளப்பது. கீழே வேட்டியில் வெயில் அடித்து, முகம் நிழலில் இருக்கலாம். முகத்துக்குப் பக்கத்தில், முகம் பார்க்கும் திசையிலேயே இருக்கும் துணிதான் சரி. மூன்றாவது, 255-ஐத் தொட்டுவிட்ட வெள்ளை. அங்கே தகவலே இல்லை, அளக்கவே கூடாது.

எண்கள் எல்லாம் பொருந்தியும் ஒட்டாவிட்டால், மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்க. குரூப்பில் வலப்பக்கமும் தாத்தாவுக்கு இடப்பக்கமும் விழுந்தால் `Levels` உதவாது. படத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பிப் போடுவது சுலபம்தான், ஆனால் சட்டைப் பை வலப்பக்கம் போய்விடும். பாட்டி படமாக இருந்தால் முந்தானை தோள் மாறும், ஒற்றை மூக்குத்தி பக்கம் மாறும். வெளியாள் கவனிக்க மாட்டார். வீட்டு ஆள் பார்த்த உடனே ஏதோ இடிக்கிறதே என்பார். வேறு படம் தேடுவது நல்லது.

நிழல் திசை சரியாக இருந்தால் மிஞ்சுவது கூர்மை. பழைய பிரிண்ட் மெத்தென்று இருக்கும், புதுக் கேமரா படம் கூராக இருக்கும். குரூப்பை லேசாக மங்கலாக்கி, இரண்டின் மேலும் சேர்த்து ஒரே துகளைத் தூவினால் இடைவெளி குறையும்.

கடைசியில் இரண்டு சோதனை. படத்தின் நகலைக் கறுப்பு-வெள்ளையாக்கிப் பாருங்க. எக்ஸ்போஷர் பொருந்தாவிட்டால் சேர்த்தவர் உடனே துருத்திக்கொண்டு தெரிவார். பிறகு இன்னொரு நகலில் `Saturation` அளவை உச்சத்துக்கு ஏற்றுங்க. சாயல் பொருந்தாவிட்டால் எல்லாரும் ஆரஞ்சாக நிற்க, அவர் மட்டும் ரோஸாகவோ பச்சையாகவோ நிற்பார். இரண்டிலும் அவர் கூட்டத்தோடு கலந்து, அதே சமயம் தன் நிறத்தோடு நின்றால், பிரிண்டுக்கு அனுப்பலாம்.