மாதம் 8,000 ரூபாய்: அசல் எவ்வளவு, லாபம் எவ்வளவு?

ஓய்வுபெறும்போது கிடைக்கும் பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் மொத்தமாகப் போட்டு, எஸ்.டபிள்யூ.பி. முறையில் மாதாமாதம் ஒரு தொகையை எடுத்துக்கொள்கிறவர்கள் பலர். குறித்த தேதியில் வங்கிக் கணக்கில் பணம் ஏறிவிடுவதால், ‘வட்டி வந்துவிட்டது’ என்றே வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் அது வட்டி அல்ல. நாம் கேட்ட தொகைக்கு எத்தனை யூனிட் தேவையோ, அத்தனையை அன்றைய என்.ஏ.வி. விலையில் விற்று, வந்த பணத்தை நமக்கு அனுப்புகிறார்கள். விற்ற யூனிட்டை நாம் என்ன விலைக்கு வாங்கினோமோ அது அசல். அதற்கு மேல் கிடைத்ததுதான் லாபம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் கடன் பத்திர ஃபண்ட் ஒன்றில் 12 லட்சம் ரூபாய் போடுகிறார். அன்று யூனிட் விலை 40 ரூபாய்; கையில் 30,000 யூனிட். ஃபண்ட் ஆண்டுக்கு 7 சதவீதம் சீராக வளர்வதாகவும், இவர் மாதம் 8,000 ரூபாய் எடுப்பதாகவும் வைத்துக்கொள்வோம்.

முதல் மாதம் யூனிட் விலை சுமார் 40 ரூபாய் 23 காசு ஆகியிருக்கும். 8,000 ரூபாய்க்கு சுமார் 199 யூனிட் விற்றாக வேண்டும். அவற்றை வாங்கிய விலை சுமார் 7,955 ரூபாய். ஆக, அந்த மாதம் வந்த பணத்தில் லாபம் வெறும் 45 ரூபாய்தான். மற்றதெல்லாம் அவர் போட்ட பணமே.

ஓராண்டு முடிவில் விலை 42 ரூபாய் 80 காசு. இப்போது 187 யூனிட் விற்றாலே 8,000 கிடைத்துவிடும். அதில் லாபம் சுமார் 523 ரூபாய். ஐந்தாண்டு கழித்து விலை 56 ரூபாய் 10 காசைத் தொடும்போது, அதே 8,000-ல் லாபத்தின் பங்கு ஏறக்குறைய 2,300 ரூபாய். கைக்கு வரும் தொகை மாறவே இல்லை. உள்ளே இருக்கும் கலவைதான் மாதாமாதம் மாறுகிறது.

வருமான வரி இந்த லாபப் பகுதிக்கு மட்டும்தான். முதல் ஆண்டில் இவர் எடுத்த 96,000 ரூபாயில் லாபம் சுமார் 3,400 ரூபாய். இதே 12 லட்சத்தை 7 சதவீத எஃப்.டி.யில் போட்டிருந்தால், வட்டி 84,000 ரூபாயும் வருமானத்தில் சேர்ந்திருக்கும். இதைக் காட்டித்தான் ‘எஸ்.டபிள்யூ.பி.யில் வரியே இல்லை’ என்று விற்கிறார்கள். அது முழு உண்மை அல்ல. எடுக்காத லாபம் மீதி யூனிட்டுகளுக்குள் இருக்கிறது. அவற்றை விற்கும்போது வரி வரும். 2023 ஏப்ரல் 1-க்குப் பின் வாங்கிய கடன் பத்திர ஃபண்ட் என்றால், எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் லாபம் நம் வருமானத்தோடு சேர்ந்து, நமக்குரிய வரி விகிதத்தில் கணக்காகும்.

பல வருடம் எஸ்.ஐ.பி. போட்டுச் சேர்த்தவர்களுக்குக் கணக்கு தலைகீழ். முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகக் கொள்ளப்படும். என்றோ 15 ரூபாய்க்கு வாங்கியது இன்று 40 ரூபாய் என்றால், முதல் மாதத்து 8,000-லேயே 5,000 ரூபாய் லாபம்.

நம் 12 லட்சத்துக்குத் திரும்புவோம். ஆண்டுக்கு எடுப்பது 8 சதவீதம், வளர்வது 7 சதவீதம். ஐந்தாண்டு முடிவில் மதிப்பு சுமார் 11.13 லட்சமாகக் குறைந்திருக்கும். இதே வேகத்தில் போனால் ஏறத்தாழ 28 ஆண்டுகளில் பணம் தீரும். 60 வயதுக்காரருக்கு இது போதும் என்றுகூடத் தோன்றும். ஆனால் அந்த 7 சதவீதத்துக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

இதே பணம் பங்குச் சந்தை ஃபண்டில் இருந்து, ஆரம்பத்திலேயே யூனிட் விலை 40-லிருந்து 30-க்கு இறங்கினால் என்ன ஆகும்? 8,000 ரூபாய்க்கு 267 யூனிட் விற்க வேண்டும். அவற்றை வாங்க நாம் கொடுத்தது 10,667 ரூபாய். லாபமே இல்லை, நட்டத்தில் விற்று மாதச் செலவை ஓட்டுகிறோம். சந்தை பிறகு பழைய விலைக்கு ஏறினாலும், விற்றுப்போன யூனிட்டுகளுக்கு அந்த ஏற்றம் கிடையாது. அதனால்தான் இரண்டு மூன்று ஆண்டுச் செலவுக்கான தொகையை லிக்விட் ஃபண்டிலோ எஃப்.டி.யிலோ தனியாக வைத்துக்கொண்டு, சந்தை விழுந்த மாதங்களில் எஸ்.டபிள்யூ.பி.யை நிறுத்திவைப்பது நல்லது என்பேன்.

யூனிட் இருப்பு எல்லா மாதமும் குறையத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். கணக்கு அறிக்கையில் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு மாதமும் எத்தனை யூனிட் விற்றார்கள் என்பதை. அந்த எண் 199, 198, 197 என்று இறங்கினால் ஃபண்ட் வளர்கிறது. மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனால், எடுக்கும் தொகையைக் குறைப்பது பற்றி அப்போதே யோசிக்க வேண்டும்.