கண் மூடாத ஃபிரேம்

நாற்பது நொடி வீடியோவில், நொடிக்கு 30 ஃபிரேம் என்று வைத்தால், 1,200 படங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் கவர் ஆகும். பக்கத்தைத் திறப்பவர் வீடியோவுக்கு முன்னால் பார்ப்பது அதைத்தான். வாரம் ஒரு வீடியோ போடுபவர் உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுத்துவிடுவார். தினமும் மூன்று நான்கு வீடியோக்களை முன்கூட்டியே தயார்செய்து, காலை ஆறு மணிக்கு ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று என நேரம் குறித்து வைக்கும் பக்கங்களுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. அங்கே ஒரு நிரல்தான் வீடியோவை அனுப்புகிறது. கவர் எது என்று அந்த நிரல் சொல்லாவிட்டால், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் முதல் ஃபிரேமையே எடுத்துக்கொள்ளும். முதல் ஃபிரேமில் பெரும்பாலும் கேமரா இன்னும் நிலைக்கு வந்திருக்காது, அல்லது கறுப்பிலிருந்து காட்சி மெல்லத் தெளிந்துகொண்டிருக்கும்.

விவசாயப் பக்கம் ஒன்று நெல் விதை நேர்த்தியைப் பற்றி ஒரு ரீல் தயாரித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பது நொடி, 1080க்கு 1920 பிக்சல், செங்குத்து வீடியோ. ஒரு விவசாயி களத்துமேட்டில் நின்று பேசுகிறார். வடிகஞ்சியை ஆறவைத்து அசோஸ்பைரில்லம் பாக்கெட்டைக் கரைக்கிறார், விதையோடு கலக்கிறார், நிழலில் உலர்த்துகிறார். நாளைக் காலை ஆறு மணிக்கு இது வெளியாக வேண்டும்.

1,200 படங்களையும் அலசத் தேவையில்லை. நொடிக்கு ஐந்து போதும்.

```
ffmpeg -i vithai.mp4 -vf "fps=5,scale=360:-2" f_%04d.jpg
```

இருநூறு சிறு படங்கள் கிடைக்கும். முதல் வேலை கழிப்பது. மிக இருண்டவை, வெளுத்துப்போனவை, கடைசி இரண்டு நொடியில் வரும் பெயர் அட்டை எல்லாம் சராசரி வெளிச்சத்தை அளந்தும் நேரத்தைப் பார்த்தும் போய்விடும். ffmpeg-இலேயே thumbnail என்றொரு வடிகட்டி உண்டு. அது நூறு நூறு ஃபிரேமாக எடுத்து, ஒவ்வொரு தொகுதியிலும் நிறப் பரவல் சராசரிக்கு மிக அருகில் உள்ளதைத் தரும். மங்கிய தொடக்கங்களைத் தவிர்க்க அது நன்றாக உதவும். ஆனால் அது தேடுவது தொகுதியின் மிகச் சாதாரணமான படத்தை. கவருக்கு அது போதாது.

அடுத்தது கூர்மை. லாப்லாசியன் மாறுபாடு என்ற அளவையே பலரும் பயன்படுத்துகிறார்கள். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையே வெளிச்சம் எவ்வளவு சட்டென மாறுகிறது என்பதை அது ஒரே எண்ணாகச் சொல்லும். கலங்கிய படத்தில் எண் சிறியது, தெளிந்த படத்தில் பெரியது. நல்ல கருவிதான், ஆனால் எளிதில் ஏமாறும். வீடியோவிலேயே பொறித்த வசனவரிகள் இருந்தால், அந்த எழுத்துகளின் விளிம்புகளே எண்ணை உயர்த்திவிடும். முகம் கலங்கியிருந்தாலும் படம் தேறிவிடும். வரிகள் வரும் பட்டையை மறைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். இரவில் எடுத்த வீடியோவின் புள்ளி இரைச்சலும் கூர்மைபோலவே கணக்கில் ஏறும்.

நம் வீடியோவில் இந்த ஏமாற்றம் வேறொரு விதமாக வரும். நிழலில் பரப்பிய நெல்மணிகள் ஆயிரக்கணக்கான விளிம்புகள் கொண்டவை. மொத்த வீடியோவிலும் அதிகக் கூர்மை எண் அந்தக் காட்சிக்கே கிடைக்கும். ஆனால் கைபேசித் திரையில் விரலகலத்துக்குச் சுருங்கும்போது அது வெறும் பழுப்புத் தரையாகத்தான் தெரியும். அதனால் ஒரு ஃபிரேமை மொத்த வீடியோவோடு ஒப்பிடக்கூடாது, அதே ஷாட்டுக்குள் உள்ள மற்ற ஃபிரேம்களோடு ஒப்பிட வேண்டும். நெல் நெல்லோடு போட்டியிடட்டும், முகம் முகத்தோடு போட்டியிடட்டும். ஒவ்வொரு ஷாட்டிலும் கீழ்ப்பாதியைக் கழித்துவிட்டால் நல்லவை எல்லாக் காட்சிகளிலிருந்தும் மிஞ்சும்.

இனி முகம். கண் சிமிட்டல் ஒன்றுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்று நான்கு பங்குவரை ஆகும். 30 ஃபிரேம் வேகத்தில் ஒரு சிமிட்டலே மூன்று முதல் பன்னிரண்டு ஃபிரேம்வரை தின்றுவிடும். கண்ணின் உயரத்தை அகலத்தோடு ஒப்பிட்டு இதைக் கண்டுபிடிக்கும் எளிய விகிதம் ஒன்றை 2016இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் இருவர் முன்வைத்தார்கள். திறந்த கண்ணுக்கு 0.3 அளவில் இருக்கும் விகிதம் மூடும்போது 0.2க்குக் கீழே விழும் என்பது பொதுவான அனுபவம். ஆனால் களத்துமேட்டு வெயிலில் எல்லோரும் கண்ணைச் சுருக்கித்தான் பேசுவார்கள். நிலையான எல்லை ஒன்றை வைத்தால் அந்த மனிதரின் எல்லாப் படங்களும் ‘கண் மூடியவை’ என்று கழிந்துவிடும். அவருடைய சொந்த நடுமதிப்பை அந்த வீடியோவிலிருந்தே கணக்கிட்டு, அதைவிட வெகுவாகக் குறையும்போது மட்டும் கழிப்பதே நியாயம்.

பாதிச் சொல்லில் கோணிப்போன வாயைக் கழிப்பது இதைவிடக் கடினம். இதற்கு நான் நம்பும் வழி படத்தில் இல்லை, ஒலியில் இருக்கிறது. பேச்சில் சிறு இடைவெளி விழும்போது வாய் பெரும்பாலும் மூடியோ இயல்பாகவோ இருக்கும்.

```
ffmpeg -i vithai.mp4 -af silencedetect=noise=-30dB:d=0.3 -f null -
```

-30 டெசிபலுக்குக் கீழே 0.3 நொடியாவது அடங்கியிருக்கும் இடங்களை இது நேரத்தோடு சொல்லும். காற்றும் டிராக்டரும் இரையும் பதிவில் அந்த -30 என்ற எல்லையைத் தளர்த்த வேண்டியிருக்கும். நம் வீடியோவில் 14.4ஆவது நொடி முதல் 14.9ஆவது நொடிவரை ஓர் இடைவெளி கிடைக்கிறது என்று கொள்வோம். “கஞ்சி நல்லா ஆறியிருக்கணும்” என்று சொல்லி முடித்து அவர் கேமராவைப் பார்க்கும் இடம் அது.

இங்கே இன்னொரு விதியும் வேண்டும். ஒரு ஃபிரேமின் மதிப்பெண்ணாக அதன் சொந்த மதிப்பெண்ணை எடுக்கக்கூடாது. முன்னும் பின்னும் 0.2 நொடிக்குள் இருக்கும் ஃபிரேம்களில் மிக மோசமானதன் மதிப்பெண்ணை எடுக்க வேண்டும். கைபேசிகள் பெரும்பாலும் மாறும் ஃபிரேம் வேகத்தில் பதிவு செய்கின்றன. ஃபிரேம் எண்ணை முப்பதால் வகுத்து நேரத்தைக் கணக்கிட்டால் பிசகும். தளமும் வீடியோவைத் தன் பங்குக்கு மறுபடி குறியாக்கம் செய்யும். நாம் சொன்ன கணத்திலிருந்து ஒன்றிரண்டு ஃபிரேம் தள்ளி எடுக்கப்பட்டாலும் படம் கெடாமல் இருக்க வேண்டும். சிமிட்டலுக்கு ஒரு ஃபிரேம் முன்னால் இருக்கும் மிகக் கூர்மையான படத்தைவிட, அரை நொடி அசையாமல் நிற்கும் சுமாரான படமே பாதுகாப்பானது.

மிஞ்சியவற்றில் ஒன்றுபோல் இருப்பவற்றைச் சேர்த்து, கூட்டத்துக்கு ஒன்றாக நான்கு எடுக்கலாம். நம் கணக்கில் 14.6இல் பாக்கெட்டைக் கையில் பிடித்த முகம், 22.2இல் விதையைக் கலக்கும் கைகள், 31.0இல் பரப்பிய நெல், 9.2இல் கஞ்சிப் பாத்திரம். இவற்றில் எது கவர் என்பதை மனிதர் சொல்லட்டும் என்பதே என் கருத்து. யூடியூபுக்காக கூகிள் 2015இல் விவரித்த முறையிலும், படைப்பாளிகள் தாங்களே பதிவேற்றிய தம்ப்நெயில்களை நல்லவை என்றும், வீடியோவிலிருந்து குருட்டாம்போக்கில் எடுத்த ஃபிரேம்களை மோசமானவை என்றும் காட்டித்தான் இயந்திரத்தைப் பழக்கினார்கள். அப்படிப் பழகிய இயந்திரம் அழகான படத்தை அடையாளம் காணும். இன்றைய செய்தி ‘கஞ்சி ஆறியிருக்க வேண்டும்’ என்பதுதான், அதற்குப் பாக்கெட் பிடித்த முகமே பொருத்தம் என்பது அதற்குத் தெரியாது. பொறுப்பாளருக்கு நான்கு படங்களையும் அனுப்பும்போது முழுத் திரையில் அனுப்பக்கூடாது. பக்கத்தின் கட்டத்தில் தெரியும் அளவிலேயே அனுப்ப வேண்டும். பரப்பிய நெல் அப்போது தானாகத் தோற்றுவிடும்.

அந்தக் கட்டமும் கவரை வெட்டும். 2025 ஜனவரியிலிருந்து இன்ஸ்டாகிராம் பக்கத்தில் கட்டங்கள் சதுரமாக இல்லை, 3:4 விகிதத்தில் இருக்கின்றன. 1080க்கு 1920 கவரில் நடுவில் உள்ள 1,440 பிக்சல் உயரம்தான் அங்கே தெரியும். மேலே 240, கீழே 240 போய்விடும். தலைப்பை உச்சியில் எழுதிவைத்தவர்கள் பாதி எழுத்தோடு நிற்பது இதனால்தான்.

கவரில் தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. பைத்தானின் பில்லோ நூலகம் எழுத்துகளைச் சரியாகக் கோக்க ராக்கம் என்ற துணை நூலகத்தை நம்பியிருக்கிறது. அது இல்லாவிட்டால் பில்லோ பிழை எதுவும் காட்டாமல் எளிய முறைக்கு மாறிவிடும். ‘வேண்டும்’ என்பதில் வகரத்துக்கு முன்னால் வர வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். மடிக்கணினியில் அழகாக வந்த கவர் சர்வரில் சிதைவது இப்படித்தான். சர்வரில் ஒரு வரி கேட்டால் போதும்:

```
python3 -c "from PIL import features; print(features.check('raqm'))"
```

False என்று வந்தால், அதைச் சரிசெய்யும்வரை அந்தச் சர்வரில் தமிழ்க் கவர் எதுவும் உருவாகக்கூடாது.

இனி, தேர்ந்தெடுத்ததைத் தளத்திடம் ஒப்படைப்பது. இன்ஸ்டாகிராம் ஏபிஐ இரண்டு வழி தருகிறது. thumb_offset என்பதில் மில்லிநொடியைச் சொல்லலாம், நமக்கு 14600. அல்லது cover_url என்பதில் படத்தின் முகவரியைத் தரலாம். இரண்டையும் தந்தால் படமே எடுபடும். நேரத்தைத் தருவது சுலபம். ஆனால் அதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. இரவு பத்து மணிக்கு யாரோ ஒருவர் தொடக்கத்தில் ஒரு நொடி தேவையில்லை என்று வெட்டி, வீடியோவை அதே பெயரில் மறுபடி ஏற்றுகிறார். 14600 அப்படியே இருக்கிறது, அந்தக் கணத்தில் வேறு படம் இருக்கிறது. எந்த நிரலும் பிழை சொல்லாது. அதனால் கவரை நேரமாகச் சேமிக்காமல் படமாகச் சேமிக்க வேண்டும். அது எந்த வீடியோவிலிருந்து வந்தது என்பதற்கு அந்தக் கோப்பின் எஸ்எச்ஏ-256 கைரேகையையும் கூடவே குறித்துவைக்க வேண்டும்.

நேரம் குறிப்பதிலும் ஒரு வரம்பு இருக்கிறது. வெளியிடுவதற்கு முன் உருவாக்கும் கன்டெய்னர் 24 மணி நேரத்தில் காலாவதியாகும். வெள்ளிக்கிழமையே ஞாயிறுக்கானதை அங்கே கொடுத்துவைக்க முடியாது. நம் நிரலே கவரையும் வீடியோவையும் கடைசிவரை வைத்திருந்து கொடுக்க வேண்டும். அதனால் ஐந்து மணிக்கு ஒரு சோதனை ஓடட்டும். வீடியோவின் கைரேகை மாறியிருக்கிறதா, கவர் ஜேபெக் கோப்பாக 1080க்கு 1920இல் இருக்கிறதா, கவரின் முகவரி நம் அலுவலகத்துக்கு வெளியிலிருந்து, உள்நுழைவு இல்லாமல் திறக்கிறதா, பொறுப்பாளர் ஒப்புக்கொண்ட படம்தானா என்று அது பார்க்கும். காலாவதித் தேதியிட்ட முகவரிகள் இரவோடு இரவாகச் செத்துப்போவது வழக்கம். ஒன்று தவறினாலும் வீடியோ நிறுத்தப்பட்டுப் பொறுப்பாளரின் கைபேசி ஒலிக்க வேண்டும். முதல் ஃபிரேமோடு போகட்டும் என்று நிரல் தானாக முடிவெடுக்கக்கூடாது. விதை நேர்த்தி ஏழு மணிக்கு வந்தாலும் பயன்படும்.

வெளியான ஐந்து நிமிடத்தில் கடைசிச் சோதனை. ஏபிஐயிடம் thumbnail_url கேட்டால் தளம் உண்மையில் காட்டும் படம் கிடைக்கும். அதையும் நம் கவரையும் 64 பிட் காட்சிக் கைரேகைகளாக மாற்றி, எத்தனை பிட் வேறுபடுகிறது என்று எண்ணலாம். தளம் படத்தைச் சுருக்கியதால் மட்டும் வரும் வேறுபாடு ஒன்றிரண்டு, மிஞ்சிப்போனால் நான்கைந்து பிட். பத்துக்கு மேல் போனால் அது வேறு படம் என்று கொண்டு, மனிதர் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் இந்தச் சோதனைக்கு நிறம் தெரியாது, ஏனென்றால் காட்சிக் கைரேகை கறுப்பு வெள்ளையில் எடுக்கப்படுகிறது. எச்டிஆரில் பதிவான கைபேசி வீடியோவிலிருந்து நிறத்தை மாற்றாமல் ஃபிரேம் எடுத்தால் முகம் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்திருக்கும், கைரேகையோ பொருந்தியே வரும். அதற்கு முந்தைய இரவே கவரை ஒரு சாதாரணக் கைபேசியில் திறந்து, வீடியோவின் அதே கணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.