டிசம்பரில் காணாமல் போன ஆறு நாள்கள்

போன வருடம் மே மாதம் அம்மா ராமேஸ்வரம் போகலாம் என்று கேட்டபோது, ''லீவு சேர்த்து வெச்சுக்கணும்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம்'' என்று சொல்லிவிட்டாள் என் தங்கை. சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை அவளுக்கு. ஜனவரி முதல் தேதி கம்ப்யூட்டரில் லீவு கணக்கைத் திறந்தால், ஆறு நாள் லீவு காணோம். யாரும் திருடவில்லை. விதிப்படி காலாவதியாகிவிட்டது.

அவள் அலுவலக விதி இது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒன்றரை நாள் லீவு கணக்கில் ஏறும். வருடத்துக்கு 18. டிசம்பர் 31 அன்று மிச்சம் இருப்பதில் 24 நாள் வரைதான் அடுத்த வருடத்துக்குப் போகும். அதற்கு மேல் ஐந்து நாளுக்குப் பணம் தருவார்கள். அதையும் தாண்டியது போனதுதான். எண்கள் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். ஆனால் ஏறுவது, தாண்டுவது, காசாவது என்ற மூன்று படிகள் பெரும்பாலான இடங்களில் உண்டு.

தங்கை அந்த வருடத்தைத் தொடங்கியதே 24 நாளோடு. தொட்டி நிறைந்திருந்தது. நிறைந்த தொட்டியில் மாதாமாதம் ஒன்றரை நாள் ஊற்றினால் வழியத்தானே செய்யும்? அது அவளுக்குத் தோன்றவில்லை. வருடம் முழுக்க ஏழு நாள்தான் எடுத்திருந்தாள்.

நவம்பர் முதல் தேதி பார்த்தபோது 32 என்று காட்டியது. 24-ம் 5-ம் சேர்ந்து 29 வரை பயமில்லை, மூன்று நாள்தான் அதிகம், டிசம்பரில் எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள். இங்கேதான் இரண்டு தவறுகள். நவம்பருக்கும் டிசம்பருக்கும் இன்னும் மூன்று நாள் ஏற வேண்டியிருப்பதை மறந்துவிட்டாள். அதிலும் டிசம்பர் லீவு 31-ம் தேதிதான் ஏறும். ஏறிய அன்றே போய்விடும். இரண்டாவது, கிறிஸ்துமஸ் வாரத்தில் அலுவலகத்தில் பாதிப் பேர் இதே நினைப்போடு லீவு கேட்டிருந்தார்கள். மேலாளர், ''ஏற்கெனவே நாலு பேர் போறாங்க'' என்று மறுத்துவிட்டார். மூன்றும் மூன்றும் ஆறு.

அவள் அந்த லீவைக் கேட்டது வாட்ஸ்அப்பில். முறைப்படி விண்ணப்பித்து, மறுப்பும் பதிவாகியிருந்தால் பேசிப் பார்க்கவாவது ஒரு பிடி இருந்திருக்கும். 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, விதிப்படி கேட்டும் மறுக்கப்பட்ட லீவு 30 நாள் வரம்புக்குள் அடங்காமல் அடுத்த வருடத்துக்குப் போகும் என்று இருந்தது. அலுவலக ஊழியர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் சில நிறுவனங்கள் தங்கள் விதியிலும் இதைச் சேர்த்திருக்கின்றன. உங்கள் அலுவலக விதியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

''அஞ்சு நாளுக்குக் காசு வந்துச்சே'' என்று சமாதானம் சொன்னேன். வந்த பணம் 3,000 ரூபாய். அவள் மாதச் சம்பளம் 40,000. ஆனால், லீவுக்குப் பணம் தரும்போது அடிப்படைச் சம்பளமான 18,000-த்தை மட்டும் 30-ஆல் வகுத்து, நாளுக்கு 600 என்று போடுகிறார்கள். அதே நாளில் லீவு எடுத்து வீட்டில் இருந்திருந்தால் முழுச் சம்பளப்படி 1,333 ரூபாய் வந்திருக்கும். வேலையில் இருக்கும்போது லீவை விற்று வாங்கும் பணம், வருமான வரிக் கணக்கில் சம்பளமாகவே சேரும் என்பதும் உண்டு.

இதற்காக எல்லோரும் லீவை உடனே தீர்த்துவிடுங்கள் என்று சொல்ல முடியாது. அவள் பிரிவிலேயே ஜனவரியில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். ஏப்ரல் முடிவில் அவள் கணக்கில் ஆறே நாள். மே மாதம் தம்பி கல்யாணத்துக்கு எட்டு நாள் எடுத்ததில் இரண்டு நாள் சம்பளம் பிடித்தார்கள். பிடித்தது அடிப்படைச் சம்பளத்தில் அல்ல, முழுச் சம்பளத்தில்! புதிதாகச் சேர்ந்தவர் முதல் வருடம் கொஞ்சம் சேர்க்கத்தான் வேண்டும். தொட்டி நிறைந்தவர்தான் செலவழிக்க வேண்டும்.

இந்த வருடம் தங்கை ஜனவரியிலேயே காலண்டரோடு உட்கார்ந்தாள். கையில் 24, ஏறப்போவது 18, மொத்தம் 42. அதில் 29-ஐக் கழித்தால் 13. அத்தனை நாளாவது எடுத்தே ஆக வேண்டும். பொங்கலுக்கு இரண்டு, மே மாதம் ராமேஸ்வரத்துக்கு ஐந்து, ஆகஸ்டில் அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்கு நான்கு, தீபாவளியை ஒட்டி அக்டோபரில் இரண்டு. டிசம்பரில் எதுவும் இல்லை. ராமேஸ்வரப் பயணத்தின் நடுவே வரும் ஞாயிறும் லீவாகக் கணக்காகுமா என்று மனிதவளப் பிரிவில் முன்னதாகவே கேட்டுக்கொண்டாள். ஆகாதாம்.

சமையலறைக் காலண்டரில் நவம்பர் 1-ம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு, '26' என்று எழுதி வைத்திருக்கிறாள். அன்று திரையில் அதற்கு மேல் காட்டினால், அதிகமாக இருக்கும் நாள்களை நவம்பரிலேயே எடுத்துவிடுவாளாம். ராமேஸ்வரத்துக்கு ரயில் டிக்கெட் போட்டாயிற்று. அம்மாவுக்குக் கீழ் பெர்த் கிடைத்திருக்கிறது.