மசால் வடை உள்ளே வேகவில்லையா? குறை பருப்பிலா, பக்குவத்திலா?

"உங்கள் கடலைப்பருப்பில் வடை சரியாக வரவில்லை" என்று டீக்கடைக்காரர்கள் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவருவது மளிகை வணிகர்களுக்குப் பழக்கமான ஒன்று. சில சமயம் குறை சரக்கில் இருக்கும். பல சமயம் ஊறவைத்ததிலோ, அரைத்ததிலோ, எண்ணெய்ச் சூட்டிலோ இருக்கும். எதில் என்று சொல்லத் தெரிந்தால் வாடிக்கையாளரும் நிலைப்பார், வீண் நட்டமும் வராது.

மசால் வடையில் எல்லாம் ஈரத்தைப் பொறுத்தது. உள்ளே பருப்பு வேக ஈரம் வேண்டும். வெளியே மொறுமொறுப்பாக ஈரம் போக வேண்டும். இரண்டும் ஒரே வாணலியில், நான்கைந்து நிமிடத்தில் நடந்தாக வேண்டும். எண்ணெயில் விழுந்ததும் மேற்புற ஈரம் ஆவியாகிக் குமிழியிட்டு வெளியேறுகிறது. மேற்புறம் காய்ந்து ஓடாகிறது. உள்ளே மிஞ்சிய ஈரத்தில் பருப்பு வேகிறது.

கால் கிலோ கடலைப்பருப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். ஒரு பருப்பை நகத்தால் கிள்ளிப் பார்க்க வேண்டும். எளிதில் இரண்டாக உடைந்து, உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருந்தால் பதம் சரி. நடுவில் வெளுத்த, உலர்ந்த புள்ளி தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும். அந்தப் புள்ளிதான் பின்னர் வடையில் கல்லாகப் பல்லில் கடிபடுவது. இரவு முழுவதும் ஊறவிட்டால் மாவு தளர்ந்து எண்ணெய் குடிக்கும்.

ஊறிய பருப்பை வடிதட்டில் கால் மணி நேரம் வைத்து நீரை முழுக்க வடிக்க வேண்டும். ஒரு கைப்பிடிப் பருப்பைத் தனியே எடுத்து வைக்கவும். மிளகாய் வற்றல், சோம்பு, பூண்டு, இஞ்சியை முதலில் ஓட்டிவிட்டு, மீதிப் பருப்பைத் தண்ணீர் விடாமல் இரண்டு மூன்று சுற்றாக, விட்டு விட்டுக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். எடுத்து வைத்த முழுப் பருப்பைக் கடைசியில் கலக்க வேண்டும்.

ஏன் கொரகொரப்பு? கரடுமுரடான மேற்புறத்தில் மேடுகள் சீக்கிரம் காய்ந்து மொறுமொறுக்கும். இடுக்குகள் வழியே ஆவி வெளியேறும். நைசாக அரைத்தால் மாவு இறுகி, ஆவிக்கு வழியில்லாமல் வடை உள்ளே கட்டியாகிவிடும். அதற்காக மாவு பிடிக்காத அளவுக்கு உடைத்தும் விடக் கூடாது. உருட்டும்போது உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்காமல், ஒரு பிடி மாவை மட்டும் நைசாக ஓட்டிச் சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். நறுக்கிய வெங்காயத்தையும் உப்பையும் சுடுவதற்குச் சற்று முன்புதான் சேர்க்க வேண்டும். உப்புப் பட்ட வெங்காயம் நீர் விட்டு மாவைத் தளர்த்திவிடும்.

வடையை நடுவில் அரை அங்குலத்திற்கு மேல் இல்லாமல், ஓரம் சற்று மெலிதாகத் தட்ட வேண்டும். எண்ணெய்ச் சூட்டைப் பார்க்க ஒரு துளி மாவைப் போடலாம். அடியில் போய்ச் சற்று நின்று மெல்ல மேலே வந்தால் சரி. போட்டவுடன் துள்ளி எழுந்து சிவந்தால் சூடு அதிகம்; அப்படிப்பட்ட எண்ணெயில் ஓடு ஒரு நிமிடத்தில் கறுக்கும், உள்ளே பச்சை வாசனை போகாது. அடியிலேயே கிடந்தால் சூடு போதாது. வடை எண்ணெய் குடித்துச் சொதசொதக்கும். ஒரே நேரத்தில் வாணலி நிறையப் போட்டாலும் சூடு இறங்கி இதே கதைதான். நடுத்தரத் தீயில் திருப்பி விட்டு, குமிழிகளும் சலசலப்பும் அடங்கும் நேரத்தில் எடுக்க வேண்டும். ஈரம் போனதற்கு அதுவே அடையாளம்.

இனி நம் பங்கு. டீக்கடைக்காரர் ஒருவர், "சில வடை நன்றாக இருக்கிறது, சிலவற்றில் பருப்பு கல்லாக இருக்கிறது" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தீ ஒன்று, மாவு ஒன்று. ஆகவே சந்தேகம் பருப்பின் மேல் விழ வேண்டும். பழைய மூட்டையின் அடிச் சரக்கைப் புது மூட்டையில் கொட்டியிருந்தால் இப்படி நடக்கும். வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் நெடுநாள் கிடந்த பருப்பு இறுகி, நீரை மெதுவாகவே உறிஞ்சும். புதியது இரண்டு மணியில் ஊறும்போது பழையது பாதிதான் ஊறியிருக்கும். ஒரு பிடியை ஊறவைத்து இரண்டு மணி கழித்துப் பத்துப் பருப்பைக் கிள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். பழையதைத் தனி மூட்டையாகவே வைத்து, "இதை ஒரு மணி நேரம் கூடுதலாக ஊறவையுங்கள்" என்று சொல்லி விற்கலாம். வடையெல்லாமே ஒன்றுபோல் மேலே கருகி உள்ளே பச்சையாக இருந்தால், முதலில் அடுப்புத் தீயைக் குறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.