61-வது ஆள் என்ன பார்க்கிறார்?

தேர்வு முடிவு நாளில் தளம் திணறக்கூடாது என்பதற்காக, ‘ஒரு ஐபி முகவரியிலிருந்து நிமிடத்துக்கு 60 கோரிக்கைகள்தான்’ என்று நிரலில் ஒரு வரம்பைச் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாற்றம் நாலைந்து வரிதான். அதைச் சரிபார்க்க உட்காருபவர் முதலில் கேட்க வேண்டியது, அந்த ஒரு முகவரிக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை.

விடுதி வைஃபையில் இருக்கும் 200 மாணவர்களும் வெளியே ஒரே முகவரியாகத்தான் தெரிவார்கள். மொபைல் நிறுவனங்களும் முகவரித் தட்டுப்பாட்டால் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரியில் அடைத்து வைத்திருக்கின்றன. 61-வதாக வந்தவர் ஒரே ஒரு முறை தட்டியிருப்பார், அடைபடுவது அவர்தான். உள்நுழைந்தவர்களைக் கணக்கு வாரியாக எண்ணிவிட்டு, முகவரிக்குத் தாராளமான வரம்பு வைப்பதே நியாயம்.

அடுத்தது எண்ணும் இடம். நான்கு சர்வர்கள் தனித்தனியாக எண்ணினால் 60 என்பது 240 ஆகிவிடும். அதனால் ரெடிஸ் போன்ற ஒரு பொது இடத்தில் எண்ணிக்கையை வைக்கிறார்கள்:

```
INCR hits:203.0.113.7
EXPIRE hits:203.0.113.7 60
```

முதல் வரி எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறது. எண்ணிக்கை 1 ஆகும்போது மட்டும் இரண்டாவது வரி ஓடி, 60 விநாடியில் கணக்கை அழிக்கச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிரல் செத்துப்போனால்? அந்தக் கணக்கு அழியவே அழியாது. ஒருநாள் 60-ஐத் தாண்டும். அந்த முகவரி நிரந்தரமாக அடைபடும். ஊருக்கெல்லாம் தளம் ஓடும், ஒரே விடுதியிலிருந்து மட்டும் புகார் வந்துகொண்டே இருக்கும். அப்போது `TTL` கட்டளை `-1` என்று காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

இதைச் சரிசெய்கிறேன் என்று சிலர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் `EXPIRE` போடுவார்கள். அது இன்னொரு வம்பு. அடைபட்டவர் பொறுமையில்லாமல் தட்டத் தட்ட, விடுதலை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். இரண்டு கட்டளைகளையும் ஒரு சிறு லுவா ஸ்கிரிப்டாக்கி ரெடிஸுக்குள்ளேயே ஓட விட்டால், நடுவில் அறுந்துபோக இடமில்லை.

சரி, அடைபட்டவர் திரையில் என்ன வருகிறது? சரிபார்ப்பில் அதிகம் விட்டுப்போவது இதுதான் என்பேன். ‘அளவுக்கு மீறிய கோரிக்கை’ என்று சொல்ல 2012 முதலே 429 என்ற குறியீடு இருக்கிறது. ஆனால் வாசலில் என்ஜின்எக்ஸ் வைத்து வரம்பு போட்டால், `limit_req_status 429;` என்று நாமாக எழுதாதவரை அது 503 அனுப்பும். அதற்குப் பொருள், சேவை இப்போது இல்லை என்பது. மாணவர் சர்வர் படுத்துவிட்டதென்று நினைத்து இன்னும் வேகமாகத் தட்டுவார். அலுவலகத்திலும் கோளாறு எச்சரிக்கை அலறும்.

429-உடன் `Retry-After: 42` என்ற தலைப்பும் போனால், 42 விநாடி பொறுக்கச் செயலிக்குத் தெரியும். அந்த எண்ணை ரெடிஸில் மிச்சமிருக்கும் நேரத்திலிருந்தே எடுக்கலாம். எல்லோருக்கும் 60 என்று எழுதி வைத்தால், 5 விநாடியில் விடுபட வேண்டியவரும் ஒரு நிமிடம் காத்திருப்பார்.