பதிவது மகன், பேசுவது அம்மா: காணொலி மருத்துவ முன்பதிவில் கவனிக்க வேண்டியவை

நிபுணத்துவ டாக்டர்களின் இணையத்தளம் என்றால் முகவரி, தொலைபேசி எண், கிளினிக் திறந்திருக்கும் நேரம் ஆகியவை மட்டும் இருக்கும் என்ற நிலை மாறி வருகிறது. டாக்டரைக் காணொலியில் பார்ப்பதற்கான முன்பதிவையும் பல கிளினிக்குகள் தங்கள் தளத்தில் சேர்க்கின்றன. இந்த வசதி எப்படி இயங்குகிறது, எங்கே தவறுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழி பார்ப்போம்.

சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் வசிக்கும் 64 வயது அம்மா ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். நீரிழிவால் அவரது சிறுநீரகம் பாதிக்கப்பட்டுள்ளது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஈப்போவில் உள்ள சிறுநீரக நிபுணரைப் பார்க்க வேண்டும். முன்பதிவு செய்பவர் ஜொகூர் பாருவில் வேலை செய்யும் மகன். அன்றைய தினம் காணொலி அழைப்பு வரப்போவது வீட்டிலிருக்கும் மருமகளின் கைப்பேசிக்கு. ஆக, ஒரே சந்திப்பில் மூன்று பேர் சம்பந்தப்படுகிறார்கள். பெரும்பாலான சிக்கல்கள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

பாரத்தில் மூன்று இடம்

முன்பதிவுப் பாரத்தில் ஒரு பெயரும் ஓர் எண்ணும் மட்டும் கேட்டால், மகன் தன் பெயரையும் எண்ணையும் போட்டுவிடுவார். கிளினிக்கில் அந்தப் பெயரில் நோயாளியின் கோப்பு இருக்காது. சந்திப்பு நேரத்தில் காணொலி இணைப்பு வேலையிடத்தில் இருக்கும் மகனின் கைப்பேசியில் கிடக்கும். அம்மாவோ வீட்டில் காத்திருப்பார்.

ஆகவே பாரம் மூன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும்: நோயாளியின் பெயர் மைகார்டில் உள்ளபடி, பதிவு செய்பவரின் பெயரும் உறவும், காணொலிக்குப் பயன்படப்போகும் கைப்பேசி எண்.

அடுத்தது நேரம். வியாழக்கிழமை காலை 10.15 மணியை மகன் தேர்ந்தெடுக்கும் அதே நொடியில் வேறொருவரும் அதையே தேர்ந்தெடுக்கலாம். நன்றாக அமைத்த தளம், முதலில் அழுத்தியவருக்கு அந்த நேரத்தைப் பத்து நிமிடம் போலப் பிடித்து வைக்கும். அதற்குள் விவரங்களை நிரப்பி உறுதி செய்யாவிட்டால் நேரம் மீண்டும் மற்றவர்களுக்குத் திறந்துவிடும். இந்த ஏற்பாடு இல்லாத தளத்தில் இரு குடும்பங்களுக்கு ஒரே நேரம் கொடுக்கப்பட்டுவிடும். அது சந்திப்பு நாளன்றுதான் தெரியவரும்.

குறுஞ்செய்தியில் இணைப்பு வராது

நினைவூட்டலை எஸ்.எம்.எஸ். வழி அனுப்பி, அதிலேயே காணொலி இணைப்பையும் சேர்த்துவிடலாம் என்று தளம் அமைப்பவர் நினைக்கக்கூடும். மலேசியாவில் அது நடக்காது. மோசடிகளைத் தடுக்க, நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளில் இணைய இணைப்புகள் இருக்கக்கூடாது என்று எம்.சி.எம்.சி. எனும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2024 செப்டம்பர் முதல் தடை விதித்துள்ளது. இணைப்போடு அனுப்பினால் செய்தி போய்ச் சேராது. கிளினிக்கோ அனுப்பிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

எனவே குறுஞ்செய்தி நாளையும் நேரத்தையும் மட்டும் சொல்ல வேண்டும். இணைப்பு மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப் எனும் புலனத்திலோ வரலாம், அல்லது கிளினிக் தளத்திற்குள் நுழைந்தால் கிடைக்கும்படி வைக்கலாம். வாசகர்களுக்கும் இது பயன்படும் அடையாளம்தான். டாக்டர் பெயரில் இணைப்போடு எஸ்.எம்.எஸ். வந்தால் அதை அழுத்தாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள கிளினிக் எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.

செய்தியின் வாசகமும் முக்கியம். கைப்பேசி குடும்பத்தில் பலர் கைக்குப் போகும். "சிறுநீரகச் சிகிச்சைக்கான சந்திப்பு" என்று எழுதினால், பக்கத்தில் இருப்பவருக்கும் நோய் தெரிந்துவிடும். "வியாழன் காலை 10.15க்கு உங்கள் சந்திப்பு உள்ளது" என்பது போதும்.

எப்போது நினைவூட்டுவது? நம் எடுத்துக்காட்டில் முதல் நினைவூட்டல் ஒரு வாரத்திற்கு முன்பே போக வேண்டும். கிரியேட்டினின், எச்.பி.ஏ.1.சி. போன்ற இரத்தப் பரிசோதனை முடிவுகள் கைக்கு வராமல் சிறுநீரக நிபுணர் காணொலியில் பார்த்து அதிகம் சொல்ல முடியாது. அடுத்த நினைவூட்டல் முதல் நாள், கடைசி நினைவூட்டல் ஒரு மணி நேரத்திற்கு முன்.

இங்கு ஒரு நுட்பமான தவறு நேர்வதுண்டு. பல இணையச் சேவையகங்கள் உலகப் பொது நேரத்தில் இயங்குகின்றன. மலேசிய நேரம் அதைவிட எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. சந்திப்பு நேரத்தோடு `+08:00` என்ற குறிப்பு சேமிக்கப்படாவிட்டால், காலை 9.15க்கு வர வேண்டிய செய்தி மாலை 5.15க்கு வரும். தளத்தைத் திறப்பதற்கு முன் கிளினிக் ஊழியர் ஒருவர் தம் பெயரிலேயே ஒரு நேரம் பதிந்து, செய்தி எப்போது வருகிறது என்று பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

ஒருவருக்கு ஓர் இணைப்பு

சில கிளினிக்குகள் எல்லா நோயாளிகளுக்கும் ஒரே காணொலி அறையின் இணைப்பைக் கொடுத்துவிடுகின்றன. 10 மணி நோயாளியோடு டாக்டர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போது 10.15 நோயாளி உள்ளே வந்துவிடுவார். முன்னவரின் நோய் விவரம் அவர் காதில் விழும். ஒவ்வொரு சந்திப்புக்கும் தனி இணைப்பு, டாக்டர் அனுமதித்த பிறகே உள்ளே செல்லும் காத்திருப்பு அறை, சந்திப்பு முடிந்ததும் காலாவதியாகும் முறை ஆகிய மூன்றும் வேண்டும். தோட்டத்தில் இணையச் சேவை பலவீனமாக இருந்தால் எந்த எண்ணுக்கு டாக்டர் அழைப்பார் என்பதும் பதிவின்போதே முடிவாகியிருக்க வேண்டும்.

யாருடைய ஒப்புதல்?

பதிவின் இறுதியில் வரும் ஒப்புதல் குறிப்பைப் பலர் படிக்காமலேயே அழுத்திவிடுகிறார்கள். அதில் உண்மையில் இரண்டு விஷயங்கள் உள்ளன. ஒன்று தகவல் பற்றியது. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நல விவரங்களைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய தரவாக வகைப்படுத்துகிறது. தகவல் எதற்காகச் சேகரிக்கப்படுகிறது என்ற அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ் கட்டாயமில்லை. ஆனால் இந்த அம்மாவுக்குப் புரியப்போவது தமிழ்தான் என்றால் அதையும் சேர்ப்பதே சரி.

மற்றொன்று காணொலிச் சிகிச்சைக்கான ஒப்புதல். கால் வீக்கத்தை டாக்டர் அழுத்திப் பார்க்க முடியாது, நுரையீரலில் நீர் சேர்ந்த சத்தத்தைக் கேட்க முடியாது, தேவைப்பட்டால் நேரில் வரச் சொல்வார், உரையாடல் பதிவு செய்யப்படுமா இல்லையா என்பனவற்றைக் குறிப்பு எளிய சொற்களில் கூற வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் சந்திப்புக்குக் காத்திருக்காமல் 999ஐ அழைக்கவும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இந்த இரண்டாவது ஒப்புதலைத்தான் மகன் தர முடியாது. சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய பெரியவரின் சிகிச்சைக்கு அவரேதான் ஒப்புதல் தர வேண்டும். ஜொகூர் பாருவிலிருந்து மகன் கட்டத்தில் குறியிட்டது முன்பதிவுக்கு மட்டுமே போதும். ஆகவே காணொலி தொடங்கியதும் டாக்டர் அம்மாவிடமே கேட்க வேண்டும்: "அம்மா, இப்படிப் பேச உங்களுக்குச் சம்மதமா? மருமகள் பக்கத்தில் இருக்கலாமா?" அவர் சொன்ன பதில், நாள், நேரம், அன்று தளத்தில் இருந்த குறிப்பின் வாசகம் ஆகிய நான்கும் கோப்பில் சேர வேண்டும். குறிப்பை ஆறு மாதம் கழித்துத் திருத்தினாலும் பழைய வாசகத்தை அழிக்கக்கூடாது. அம்மா எதற்குச் சம்மதித்தார் என்ற கேள்வி பின்னர் எழுந்தால் அதுவே பதில்.

உங்கள் டாக்டரின் தளத்தில் ஒப்புதல் கட்டம் முன்கூட்டியே குறியிடப்பட்டு வந்தால், அல்லது நோயாளியின் பெயரைத் தனியாகக் கேட்காவிட்டால், கிளினிக்கை அழைத்துச் சொல்லுங்கள். பதிவு செய்பவர் மகனோ மகளோ ஆனால், உறுதிசெய்யும் முன் அந்தக் குறிப்பைப் பெற்றோருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டுங்கள். டாக்டர் கேட்கும்போது பதில் சொல்லப்போவது அவர்கள்தான்.