வியர்வையைப் பரப்பும் துணி

மாலையில் ஓடி முடித்தவரின் பருத்திச் சட்டை முதுகோடு ஒட்டிக் கனக்கிறது. பக்கத்தில் ஓடியவரின் பாலியஸ்டர் சட்டையோ சீக்கிரமே காய்ந்துவிடுகிறது. வியர்த்தது இருவருக்கும்தான்.

பருத்தி இழை செல்லுலோஸால் ஆனது. அது தண்ணீரை விரும்பி உள்ளே இழுத்து உப்புகிறது. சாதாரண அறைக் காற்றிலேயே தன் எடையில் 7 முதல் 8 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். பாலியஸ்டரில் இது 0.4 சதவீதம்தான். பருத்திக்குள் புகுந்த வியர்வை எளிதில் வெளியேறாது.

பாலியஸ்டரில் ஈரம் இழைக்குள் போகாமல், இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகள் வழியே ஊர்ந்து பரவுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே நுண்துளை ஈர்ப்பால்தான். 1986இல் டுபாண்ட் நிறுவனம் உருவாக்கிய கூல்மேக்ஸ் இழையின் பக்கங்களில் நீளவாக்கில் பள்ளங்கள் உண்டு. அவை ஈரத்துக்கு இன்னும் நல்ல வழி. ஓரிடத்தில் தேங்காமல் அகலமாக, மெல்லிய படலமாக விரிவதால் வியர்வை விரைவில் ஆவியாகிறது.

ஆனால் பாலியஸ்டர் இயல்பில் தண்ணீரை விலக்கும். அதனால் பல சட்டைகளில் ஈரம் பரவ உதவும் ரசாயனப் பூச்சு கொடுக்கிறார்கள். பலமுறை துவைத்தால் அது தேயலாம். துணியை மென்மையாக்கும் திரவத்தின் படிவும் பரவலைக் கெடுக்கும். சோதிப்பது சுலபம்: உட்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். உடனே விரிந்தால் துணி வேலை செய்கிறது. முத்துப்போல் நின்றால், வியர்வையும் தோலிலேயே நிற்கும்.

காற்றே ஈரமாக இருக்கும் கடற்கரை ஊர்களில் நல்ல துணியும் மெதுவாகத்தான் காயும். அங்கே வியர்வை பரவும், ஆவியாக இடமில்லை.